எழுத்துருவை மாற்றும் முன் இடைவெளியை மாற்றுங்கள்

நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் பூர் ஒரு வரைகலை வடிவமைப்பாளர். அவருக்கே டிஸ்லெக்ஸியா உண்டு. 2008இல் உட்ரெக்ட் நகரில் கலை மாணவராக இருந்தபோது, படிப்பின் இறுதித் திட்டப்பணியாக ஓர் எழுத்துருவை உருவாக்கினார். அதன் பெயர் ‘டிஸ்லெக்ஸி’. ரோமன் சிற்றெழுத்துகளில் ஒரு வட்டமும் ஒரு கோடும் மட்டுமே கொண்ட நான்கு எழுத்துகள் உண்டு. ஒன்றையே இடவலமாகத் திருப்பியும் தலைகீழாகக் கவிழ்த்தும் வைத்தது போல அவை இருக்கும். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு இவை மாறி மாறித் தெரிகின்றன என்று நினைத்த பூர், ஒவ்வோர் எழுத்தின் அடிப்பகுதியையும் தடித்ததாக வரைந்தார். கீழ்ப்பக்கம் கனமாக இருந்தால் எழுத்து புரளாது என்பது அவர் எண்ணம். 2011இல் அமெரிக்கரான அபெலார்டோ கொன்சாலெஸ் இதே எண்ணத்தில் ‘ஓப்பன் டிஸ்லெக்ஸிக்’ என்ற இலவச எழுத்துருவை வெளியிட்டார். இன்று மின்நூல் கருவிகளிலும் உலாவிகளிலும் அதைத் தேர்ந்தெடுத்துப் படிக்க முடிகிறது.

பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா என்று தெரிந்ததும் பெற்றோர் இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுபவற்றில் இந்த எழுத்துருக்களும் இருக்கும். ‘படிப்பது எளிதாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எது எளிதாக்கியது என்பதைத்தான் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் கதை தெரிந்தால், ஒரு பாடத்தாளையோ பத்திரிகைப் பக்கத்தையோ எப்படி அமைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

வேலை செய்தது எது?

2016இல் ஆஸ்திரேலியாவில் ஈவா மரினஸும் அவருடைய குழுவினரும் வாசிப்பில் பின்தங்கிய 39 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். ‘டிஸ்லெக்ஸி’ எழுத்துருவிலும் ‘ஏரியல்’ என்ற சாதாரண எழுத்துருவிலும் பத்திகளைக் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ‘டிஸ்லெக்ஸி’யில் பிள்ளைகள் 7 சதவீதம் வேகமாகப் படித்தார்கள். பலர் இத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

மரினஸ் குழு இன்னொன்றையும் கவனித்தது. ‘டிஸ்லெக்ஸி’ எழுத்துருவில் எழுத்துகளின் அடி மட்டும் தடித்திருக்கவில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவேயும் அதிகம். எனவே ‘ஏரியல்’ எழுத்துருவை எடுத்து, அதே இரண்டு இடைவெளிகளையும் அதற்குக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வித்தியாசம் போய்விட்டது. ‘ஏரியல்’ எழுத்துகளின் வடிவத்தில் எந்த மாற்றமும் இல்லை. தள்ளித் தள்ளி வைத்தது மட்டுமே மாற்றம். 7 சதவீத லாபம் வந்தது இடைவெளியால், தடித்த அடியால் அல்ல.

மற்ற ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. 2013இல் ஸ்பெயினில் லூஸ் ரெய்யோவும் ரிக்கார்டோ பாயேஸா யேட்ஸும் டிஸ்லெக்ஸியா உள்ள 48 பேரைப் பன்னிரண்டு எழுத்துருக்களில் படிக்க வைத்து, கண்ணின் அசைவைக் கருவியால் பதிவு செய்தார்கள். ‘ஓப்பன் டிஸ்லெக்ஸிக்’ படிக்கும் நேரத்தைக் குறைக்கவில்லை. சாய்வெழுத்துதான் வாசிப்பைக் கெடுத்தது. 2018இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வின் முதல் பகுதியில், டிஸ்லெக்ஸியா உள்ள 170 பிள்ளைகள் பங்கேற்றார்கள். ‘டிஸ்லெக்ஸி’யில் அவர்கள் வேகமாகவும் படிக்கவில்லை, பிழை குறைவாகவும் படிக்கவில்லை. அந்த ஆய்வில் வந்த இன்னொரு முடிவை ஆசிரியர்களும் பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு எந்த எழுத்துரு பிடிக்கிறது என்பதற்கும் எதில் நன்றாகப் படிக்கிறது என்பதற்கும் தொடர்பு இருக்கவில்லை.

இதில் வியப்பு இல்லை. டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் கண்ணின் கோளாறு அல்ல. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது, எழுத்தோடு ஒலியைச் சேர்ப்பது, சேர்த்ததை நொடியில் நினைவுக்குக் கொண்டுவருவது ஆகியவைதான் அதில் கடினமாகின்றன. எழுத்துகள் திரும்பித் தெரிகின்றன என்ற கருத்து 1920களிலிருந்தே உண்டு. ஆனால் எழுத்தை மாற்றிச் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் அதைச் சரியாகத்தான் பார்க்கிறது. அதன் ஒலியைத்தான் மாற்றி எடுக்கிறது. அதனால் எழுத்தின் அடியைத் தடிப்பாக்குவது நோய் இல்லாத இடத்தில் மருந்து தடவுவதாகிவிடுகிறது. வண்ணக் கண்ணாடித் தாளைப் பக்கத்தின் மேல் வைத்துப் படிப்பதும் இப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் கழகமும் 2009இலேயே இதற்குச் சான்று இல்லை என்று கூட்டாக அறிவித்தன.

இடைவெளி ஏன் உதவுகிறது?

கீழே உள்ள வரியில் கூட்டல் குறியைப் பார்த்தபடியே, கண்ணை நகர்த்தாமல், வலப்பக்கம் உள்ள எழுத்தைக் கண்டுபிடிக்க முயலுங்கள்.

```
+               ற

+              கறத
```

முதல் வரியில் ‘ற’ தெரியும். இரண்டாம் வரியில் அதே ‘ற’ அதே அளவில்தான் நடுவில் இருக்கிறது. ஆனால் இருபுறமும் எழுத்துகள் நெருக்குவதால் எது எது என்று சொல்ல முடியாமல் குழம்பும். கண்ணுக்குப் படுகிறது, அடையாளம் மட்டும் பிடிபடுவதில்லை. பார்வை ஆய்வாளர்கள் இதை நெரிசல் என்கிறார்கள். நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா 1970இல் இதை அளந்தார். நோக்கும் புள்ளியிலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, ஏறக்குறைய அதில் பாதித் தொலைவு அண்டை எழுத்து விலகியிருந்தால்தான் நெரிசல் தீரும் என்று கண்டார்.

நேராகப் பார்க்கும் இடத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு நெரிசல் மிகக் குறைவு. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் சிலருக்கு அங்கேயும் அது கூடுதலாக இருக்கிறது. மார்கோ சோர்ஸியின் குழு 2012இல் இத்தாலியிலும் பிரான்சிலும் 74 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தது. எல்லோரும் 8 முதல் 14 வயது வரை உள்ள, டிஸ்லெக்ஸியா கண்டறியப்பட்ட பிள்ளைகள். 14 பாயிண்ட் ‘டைம்ஸ்’ எழுத்தில் அச்சிட்ட சிறு வாக்கியங்களைக் கொடுத்தார்கள். ஒரு தாளில் வழக்கமான இடைவெளி, மற்றதில் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே 2.5 பாயிண்ட் கூடுதல். அதற்கேற்ப வரிகளுக்கு இடையிலும் இடம் விட்டார்கள். எந்தப் பயிற்சியும் இல்லை. வேகம் சராசரியாக 20 சதவீதம் கூடியது, பிழைகள் ஏறக்குறையப் பாதியாகின. வாசிப்பில் சிரமம் இல்லாத பிள்ளைகளுக்கு இதே தாளால் பலன் இல்லை. அதனால், ‘பெரிதாக, பரவலாக இருந்தால் யாருக்கும் எளிதுதான்’ என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை. இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 11 முதல் 15 வயது மாணவர்கள் படித்தார்கள். அகன்ற இடைவெளி டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் வேகத்தை 13 சதவீதமும் மற்றவர்களின் வேகத்தை 5 சதவீதமும் கூட்டியது. அதே ஆய்வில் வண்ணத்தாளையும் சோதித்தார்கள், அதனால் பலன் ஏதும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதும் இல்லை. நெரிசல் அதிகம் உள்ள பிள்ளைக்கு நல்ல மாற்றம் தெரியும். ஒலியோடு எழுத்தைச் சேர்ப்பதே முழுச் சிக்கலாக உள்ள பிள்ளைக்கு மிகக் கொஞ்சம்தான் தெரியும். எவ்வளவு தெரிந்தாலும், இடைவெளி படிக்கச் சொல்லிக் கொடுக்காது. வழியில் கிடக்கும் ஒரு தடையை எடுத்துப் போடுகிறது, அவ்வளவே. ஒலியையும் எழுத்தையும் சேர்த்து, படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு மாற்று எதுவும் இல்லை.

பார்வை குறைந்தவர்களுக்கு முதலில் வேண்டியது அளவு

பார்வைக் குறைவு வேறு சிக்கல். கண்ணாடி போட்டும் அறுவை செய்தும் சரியாகாத குறைபாடு அது. முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி கெடும்போது, நேராகப் பார்க்கும் இடத்தில் மறைப்பு விழுகிறது. அப்படிப்பட்டவர் பக்கவாட்டுப் பார்வையால் படிக்கப் பழகுகிறார். சற்று முன் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டே நீங்கள் ‘ற’வைத் தேடியது போலத்தான் அவர் ஒவ்வொரு சொல்லையும் தேடுகிறார்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லெக் 1980களிலிருந்து இந்த வாசிப்பை அளந்துவருகிறார். அவருடைய ஆய்வகத்தில் உருவான வாசிப்பு அட்டையில் ஒவ்வொரு வாக்கியமும் 60 எழுத்துகள் கொண்டது. மேலிருந்து கீழே போகப் போக, ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதில் ஐந்தில் நான்கு பங்கு அளவாகச் சிறுக்கும். ஒவ்வொன்றையும் படிக்க எடுக்கும் நேரத்தைக் குறித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பெரிய அளவுகளில் வேகம் மாறாமல் இருக்கும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் சட்டென்று விழும். வேகம் விழாமல் நிற்கும் மிகச் சிறிய அளவுதான் அந்த மனிதருக்கு வேண்டிய எழுத்தளவு.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மையப் பார்வை குறைந்த ஒரு பாட்டிக்கு, ஏறக்குறைய ஒரே நீளமுள்ள எளிய வாக்கியங்களை 36, 28, 22, 18, 14, 11, 9 பாயிண்டில் அச்சிட்டுத் தருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், அவர் வழக்கமான கண்ணாடியைப் போட்டிருக்க வேண்டும், விளக்கு பக்கவாட்டிலிருந்து தாளில் விழ வேண்டும். 36, 28, 22 மூன்றையும் அவர் 6 வினாடியில் படித்துவிடுகிறார். 18இல் 8 வினாடி ஆகிறது. 14இல் 15 வினாடி. 11இல் எழுத்துக் கூட்டி எப்படியோ முடிக்கிறார். 9இல் முடியவில்லை. இவருக்கு 22 பாயிண்ட் வேண்டும். 11ஐயும் படித்தாரே என்று 11லோ 14லோ மருந்துக் குறிப்பைக் கொடுத்தால், அவர் படிப்பார், ஆனால் இரண்டாம் வரியில் களைத்து வைத்துவிடுவார்.

இந்தக் கணக்கில் ஒரு பொதுவிதி ஒளிந்திருக்கிறது. எப்படியோ படிக்க முடிகிற மிகச் சிறிய அளவு 11, தடையின்றிப் படிக்க வேண்டியது 22, அதாவது இரு மடங்கு. மனிதருக்கு மனிதர் இது மாறும். ஆனாலும் குறைபார்வை மருத்துவர்கள் இரு மடங்கில் தொடங்குவது வழக்கம். தாளைப் பெரிதாக்க முடியாவிட்டால் தூரத்தைக் குறைக்கலாம். 40 சென்டிமீட்டரில் 22 பாயிண்ட் எப்படித் தெரியுமோ, 20 சென்டிமீட்டரில் 11 பாயிண்ட் அப்படித் தெரியும். ஆனால் முதிய கண் அவ்வளவு அருகில் தானாகக் குவியாது. அதற்கு +5 டயாப்டர் வில்லை வேண்டும். இதைக் கண் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும், கடையில் கிடைக்கும் கண்ணாடியில் குத்துமதிப்பாக எடுக்கக் கூடாது.

பள்ளிகளில் நடக்கும் ஒரு தவறும் இங்கே விளங்கும். பார்வை குறைந்த மாணவருக்காக ஏ4 வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். ஏ4ஐ ஏ3 ஆக்கினால் நீளம் 1.41 மடங்குதான் கூடும். 11 பாயிண்ட் எழுத்து 15.5 ஆகும். 22 வேண்டியவருக்கு அது போதாது. தாள் மட்டும் மேசையைவிட்டு வெளியே தொங்கும். கணினியில் எழுத்தளவை மாற்றி, ஏ4 தாளிலேயே அதிகப் பக்கங்களாக அச்சிட்டுக் கொடுப்பதுதான் சரி.

இங்கும் சிறப்பு எழுத்துருக்கள்

விழித்திரை மையம் கெட்டவர்களுக்காகவும் எழுத்துருக்கள் வந்தன. ‘ஐடோ’, ‘மேக்ஸுலர்’ என்ற இரண்டை மினசோட்டா ஆய்வகம் பழைய எழுத்துருக்களோடு ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டது. எழுத்து சிறிதாக இருக்கும்போது, அதாவது படிக்க முடியுமா முடியாதா என்ற எல்லையில், இவ்விரண்டும் ‘டைம்ஸ்’, ‘ஹெல்வெடிகா’ ஆகியவற்றைவிட மேலாக இருந்தன. ஆனால் ‘கூரியர்’ என்ற எழுத்துருவும் அவற்றுக்கு ஈடாக நின்றது. அது 1950களில் ஐபிஎம் தட்டச்சுப்பொறிக்காக வரையப்பட்டது. மெல்லிய எழுத்துக்கும் அகன்ற எழுத்துக்கும் ஒரே அகல இடம் கொடுப்பதால், எழுத்துகள் தள்ளித் தள்ளி உட்காரும். எழுத்தளவைத் தாராளமாகக் கூட்டியபோது எழுத்துருக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது.

டிஸ்லெக்ஸியா கதையில் நடந்ததுதான் இங்கும் நடந்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மையப் பார்வை இழந்தவர்களுக்கு ‘கூரியர்’ அளவு இடைவெளி வரைதான் பலன். அதற்கு மேல் எழுத்துகளை இழுத்து வைத்தால் வேகம் கூடுவதில்லை என்று சூசனா சங்கின் ஆய்வுகள் காட்டின. எழுத்துகளை விலக்க விலக்கச் சொல் நீண்டு, அதன் கடைசி எழுத்துகள் இன்னும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு வரியில் இருக்கும் இடத்தைப் பார்வை குறைந்தவருக்காகச் செலவிடுவதானால், முதலில் எழுத்தளவுக்குச் செலவிட வேண்டும், மீதியை இடைவெளிக்கு.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்புரை போல ஒளி புகும் பாதையே கலங்கியவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து உதவுகிறது என்று லெக் குழு 1985இல் கண்டது. வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளி கலங்கிய இடத்தில் சிதறி, எழுத்தின் மேலேயே பனிபோலப் படர்கிறது. பின்னணியைக் கறுப்பாக்கினால் சிதற ஒளி குறைவு. பாதை தெளிவாக இருந்து விழித்திரை மட்டும் கெட்டவர்களுக்கு இந்த லாபம் அநேகமாக இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் எதைக் கவனிப்பது?

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ரோமன் எழுத்தில் நடந்தவை. நெரிசலும் எழுத்தளவும் கண்ணோடும் மூளையோடும் தொடர்புள்ளவை என்பதால் தமிழுக்கும் பொருந்தும். எண்களை மட்டும் அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது.

முதலாவது, பாயிண்ட் அளவு. ஒரே 14 பாயிண்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்களை அச்சிட்டு, ‘ப’ என்ற எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒன்றில் உயரமாக, இன்னொன்றில் குட்டையாக இருக்கலாம். பாயிண்ட் என்பது எழுத்து உட்காரும் கட்டத்தின் அளவு. தமிழில் மேலே ‘கீ’யின் சுழிக்கும் கீழே ‘கூ’வின் வளைவுக்கும் அந்தக் கட்டத்துக்குள் இடம் விட வேண்டியிருப்பதால், ‘ப’வுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். எனவே பார்வை குறைந்தவருக்குப் பொருத்தமான தாள் ஒன்று கிடைத்துவிட்டால், பாயிண்டைக் குறித்துக்கொள்வதைவிட ‘ப’வின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, சிறு குறிகள். ‘கெ’க்கும் ‘கே’க்கும், ‘கி’க்கும் ‘கீ’க்கும், ‘எ’க்கும் ‘ஏ’க்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்னச் சுழி அல்லது கீற்று. ‘க்’ என்பதைக் ‘க’விலிருந்து பிரிப்பது ஒரு புள்ளி. பல எழுத்துருக்களில் துணைக்காலும் ‘ர’வும் காலின் கீழ் நுனியில் மட்டுமே வேறுபடும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது ‘கெகே கிகீ எஏ ஒஓ ார கக்’ என்று ஒரு வரியைத் தட்டி, படிக்கப்போகிற அளவில் அச்சிட்டு, கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எந்த இணை முதலில் ஒன்றாகிறதோ அதுதான் அந்த எழுத்துருவின் பலவீனம். அலங்கார எழுத்துருக்களில் புள்ளி சிறுத்தும் சுழி அடைந்தும் போயிருக்கும். எழுத்துரு தேர்வு உண்மையிலேயே பலன் தருவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, இடைவெளியைக் கூட்டும்போது வரும் விபத்து. ‘கொடு’ என்ற சொல்லில் ‘கொ’ ஓர் எழுத்து, ஆனால் கண்ணுக்கு மூன்று துண்டு. யூனிகோடு எழுத்துருவைச் சரியாகக் கையாளும் மென்பொருள், ‘கொ’வைச் சேர்த்து வைத்துவிட்டு, அதற்கும் ‘டு’வுக்கும் நடுவேதான் இடம் விடும். பழைய தட்டச்சு முறை எழுத்துருக்களில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி. அங்கே இடைவெளி கூட்டினால் துணைக்கால் விலகிப்போய் ‘ர’ மாதிரி நிற்கும், பிள்ளை ‘கெரடு’ என்று படிக்கும். எனவே இடைவெளியை மாற்றியதும் ஒகர, ஓகாரச் சொற்களை ஒருமுறை தேடிப் பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, வரியின் ஓரம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் நேராக வர வேண்டும் என்று அமைத்தால், ஒரு வரியில் இரண்டு சொற்கள் பெரிய ஓட்டையோடு நிற்கும், அடுத்த வரி நெருக்கியடிக்கும். அல்லது சொல் நடுவே உடைந்து, எந்த அடையாளமும் இன்றி மிச்சம் அடுத்த வரிக்குப் போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது இரண்டு புதுச் சொற்கள். பார்வை குறைந்தவருக்கு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் போகும் வேலை. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டு, சொல்லை உடைக்காமல் அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு பாடத்தாளை மாற்றிப் பார்ப்போம்

டிஸ்லெக்ஸியா உள்ள மாணவருக்காக 12 பாயிண்டில் இருக்கும் ஒரு பக்கப் பாடத்தை வேர்டு மென்பொருளில் மாற்றுவதாகக் கொள்வோம். முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 14 ஆக்குங்கள். பிறகு `Ctrl+D` அழுத்தி, `Advanced` பக்கத்தில் `Spacing` என்ற இடத்தில் `Expanded` தேர்ந்து, `1.5 pt` கொடுங்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில், எழுத்தளவில் 0.12 மடங்கு என்ற அளவு குறிப்பிடப்படுகிறது. 14க்கு அது 1.7 பாயிண்ட். சோர்ஸி விட்டது 2.5. தமிழ் எழுத்து தன்னளவிலேயே அகலம் என்பதால் 1.5இல் தொடங்குவது என் பரிந்துரை.

இப்போது சொற்களுக்கு இடையே உள்ள வெளியைப் பாருங்கள். எழுத்துகள் விலகியதால் சொல் எங்கே முடிகிறது என்பது மங்கியிருக்கும். மரினஸ் ஆய்வில் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்துதான் பலன் தந்தன. எனவே தேடி மாற்றும் வசதியால் ஒற்றை வெற்றிடத்தை இரட்டையாக்கிவிடுங்கள். வரி இடைவெளியை `1.5` ஆக்குங்கள். பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வரி அளவு விடுங்கள். இடப்பக்க ஓரத்தை மட்டும் நேராக்க `Ctrl+L`. சாய்வெழுத்தில் இருப்பதைத் தடித்த எழுத்துக்கு மாற்றுங்கள். ஒரு பக்கப் பாடம் ஏறக்குறைய இரண்டரைப் பக்கமாகும். அந்தக் கூடுதல் தாள்தான் இதற்கு ஆகும் செலவு.

இணையப் பக்கமாக இருந்தால் அதே வேலையைச் சில வரிகளில் செய்யலாம்:

```css
p {
  line-height: 1.5;
  letter-spacing: 0.1em;
  word-spacing: 0.2em;
  text-align: left;
}
```

பக்கத்தை இரு மடங்கு, நான்கு மடங்கு பெரிதாக்கினால் வரிகள் திரைக்குள்ளேயே மடிந்து வருகின்றனவா என்றும் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்க வேண்டியிருந்தால், பார்வை குறைந்தவர் அந்தப் பக்கத்தை விட்டுவிடுவார். பக்கத்தைப் படமாக ஏற்றினால் இந்த மாற்றங்களில் ஒன்றையும் வாசகர் செய்துகொள்ள முடியாது.

தாள் தயாரானதும் பலனை அளக்க வேண்டும். பிள்ளையிடம் ‘எது பிடிக்கிறது’ என்று கேட்பது அதற்குப் போதாது, பிடித்ததும் பலித்ததும் வேறாக இருந்ததை டச்சு ஆய்வில் பார்த்தோம். ஒரே பாடநூலிலிருந்து, ஒரே அளவு கடினமான, பிள்ளை முன்பு படித்திராத இரண்டு பத்திகளை எடுங்கள். ஒன்று பழைய அமைப்பில், ஒன்று புதிய அமைப்பில். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த சொற்களையும் பிழைகளையும் எண்ணுங்கள். மறுநாள் வேறு இரண்டு பத்திகளோடு, வரிசையை மாற்றிச் செய்யுங்கள். இப்படி நாலைந்து நாள் செய்தால், அன்றைய மனநிலையால் வரும் ஏற்றத்தாழ்வு அடங்கி, அமைப்பால் வந்த வித்தியாசம் மட்டும் தெரியும். சொற்கள் கூடி, பிழை குறைந்தால் அந்தப் பிள்ளையின் எல்லாத் தாள்களையும் அப்படியே அமையுங்கள். மாற்றம் இல்லாவிட்டால் பழைய அமைப்பிலேயே விட்டுவிட்டு, அந்த நேரத்தை ஒலியும் எழுத்தும் சேர்க்கும் பயிற்சிக்குக் கொடுங்கள். இரண்டு முடிவுக்கும் சிறப்பு எழுத்துரு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.